ஊறுகாய் ஏன் விமானத்தில் கசிகிறது?

“மாவடு பாட்டிலை மூன்று பிளாஸ்டிக் பையில் கட்டி லண்டனுக்கு அனுப்பினேன். மகள் பெட்டியைத் திறந்தால் முறுக்கெல்லாம் எண்ணெயில் ஊறிக் கிடந்ததாம்” என்று விருதுநகர் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பை போதாமல் இல்லை. பாட்டிலுக்குள் இருந்த காற்றுதான் காரணம்.

ஊட்டி மலையேறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பயணிகள் விமானத்தின் சரக்கு அறையிலும் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருக்கும் அளவுக்குக் குறைகிறது. அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு வரை விரியப் பார்க்கும். பாட்டிலின் மேல்பகுதியில் 60 மில்லி காற்று இருந்தால் அது 80 மில்லி இடம் கேட்கும். பாட்டில் நிமிர்ந்து நின்றால் மூடி இடுக்கு வழியே காற்று மட்டும் போய்விடும். படுத்துக் கிடந்தால் காற்றுக்கு முன்னால் எண்ணெய் வெளியே வரும். கூரியர் பெட்டி நிமிர்ந்தே போகும் என்று யாரும் உறுதி தர முடியாது.

அதனால் பாட்டிலை மறந்துவிடுங்கள். அலுமினியத் தாள் சேர்ந்த தடித்த பையே நல்லது. புளித்து நுரைக்கும் புது ஊறுகாய் பைக்குள்ளும் வாயு விடும். அது அடங்கிய பிறகே நிரப்ப வேண்டும். பையின் வாயை வெளிப்பக்கமாக மடித்து வைத்துக்கொண்டு அள்ளிப் போடுங்கள். சூட்டில் ஒட்டும் விளிம்பில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் அந்த இடம் ஒட்டாது. கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒரு விரற்கடை இடைவெளியில் இரண்டு முறை சீல் வையுங்கள். பிறகு செய்தித்தாள் மேல் படுக்கவைத்து, மேலே ஒரு கனமான புத்தகத்தை ஏற்றி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் தாளில் எண்ணெய்க் கறை இல்லையென்றால் இன்னொரு பையில் போட்டு அனுப்பலாம்.

முறுக்குக்கு இது நேர்மாறு. காற்றை உறிஞ்சினால் நொறுங்கிவிடும். நன்றாக ஆறவைத்து, ஆடாதபடி டப்பா நிறைய அடுக்க வேண்டும். ஆனால் பெட்டி பெரிதானால் கட்டணமும் ஏறும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பல கூரியர்களின் கணக்கு. 40, 30, 30 அளவுப் பெட்டிக்குள் நான்கு கிலோ முறுக்கே இருந்தாலும் 7.2 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் நெய், பால்கோவா, கருவாடு போன்றவற்றை நினைத்தபடி அனுப்ப முடியாது. பாலும் இறைச்சியும் இங்கிருந்து தபாலில் போகக் கூடாது, மீனுக்குத் தனி வரம்பு. அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலையை வைக்காதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும். வீட்டில் செய்து அன்பளிப்பாக அனுப்பும் பண்டத்துக்கு அங்கே உணவுத் துறைக்கான முன்னறிவிப்பு தேவையில்லை. சுங்கச் சோதனை உண்டு.

“துணி என்று எழுதிவிடுங்கள், போய்விடும்” என்று சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் மாட்டினால் பெட்டி முழுவதும் போகும். பண்டத்தின் பெயர், சேர்த்த பொருள்கள், எடை, விலை ஆகியவற்றை ஆங்கிலத்தில் உள்ளபடி எழுதிக் கொடுங்கள். அதை எழுத மறுக்கும் கடையில் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.