உப்பு போடாத மாவு உப்புமா?

பள்ளி அறிவியல் கண்காட்சியில் எரிமலை பொங்காத ஆண்டே இல்லை. ஆப்ப சோடாவில் வினிகரை ஊற்றினால் நுரைக்கும் என்பது ஊற்றுகிற பிள்ளைக்கே முன்பே தெரியும். விடை தெரியாத கேள்வி வேண்டுமென்றால் கிரைண்டர் பக்கம் போகலாம். "உப்பு போட மறந்துட்டேன், இனி மாவு பொங்கின மாதிரிதான்" என்று அம்மா அலுத்துக்கொள்வாரே, அது உண்மையா?

மேலும் கீழும் ஒரே அகலமுள்ள ஒன்பது கண்ணாடி டம்ளர்கள் வேண்டும். வாய் அகன்ற டம்ளரில் மாவு ஏற ஏறப் பரந்துவிடும். உயரத்தை நம்ப முடியாது. உப்பில்லாமல் அரைத்த ஒரே இட்லி மாவிலிருந்து ஒவ்வொன்றிலும் 100 மில்லி ஊற்றுங்கள். மூன்றில் உப்பு வேண்டாம். மூன்றில் கால் தேக்கரண்டி, மீதி மூன்றில் ஒரு தேக்கரண்டி. தூள் உப்பைத் தலைதட்டி அளக்க வேண்டும், கல் உப்பு அளவுக்கு அடங்காது. உப்பில்லாததையும் மற்றவை போலவே பத்துச் சுற்று கலக்குங்கள். இல்லாவிட்டால் வித்தியாசம் உப்பாலா, கலக்கியதாலா என்று சொல்ல முடியாது. தொடக்க மட்டத்தில் ரப்பர் பேண்ட் போட்டு, எல்லாவற்றையும் ஒரே தட்டில் லேசாக மூடி வையுங்கள்.

காலையில் அரைத்துப் பகலில் செய்வது நல்லது. இரண்டு மணிக்கு ஒருமுறை ஸ்கேலால் அளக்கலாம். இரவில் வைத்தால் மாவு உச்சிக்குப் போய்த் தூக்கத்திலேயே அமுங்கிவிடும். கண்ணாடியில் மாவு மட்டத்துக்கு மேலே ஒட்டியிருக்கும் தடம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

தொடக்க உயரம் 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உப்பில்லாத மூன்றும் 7.5, 8, 8.5 வரை ஏறின, சராசரி 8. கால் தேக்கரண்டி போட்டவை 7.5, 7.7, 8.5, சராசரி 7.9. ஒரே வகை டம்ளர்களுக்குள்ளேயே 1 செ.மீ. வித்தியாசம் இருக்கும்போது அந்த 0.1 செ.மீ. கணக்கில் வராது. ஒரு டம்ளரோடு நிறுத்தியிருந்தால் இது தெரிந்திருக்காது.

மாவைப் பொங்க வைப்பவை உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் பாக்டீரியாக்கள். அவை விடும் கரியமில வாயுவை உளுந்தின் கொழகொழப்பு பிடித்து வைக்கிறது. உப்பில்லாமலும் அவை வேலை செய்யும்; உப்பு மிகுந்தால்தான் தளரும். ஆகவே ஒரு தேக்கரண்டி டம்ளர்கள் பின்தங்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் ஸ்கேல் அளப்பது வாயுவை அல்ல, உள்ளே தங்கிய வாயுவை மட்டும். மாவு நீர்த்திருந்தால் குமிழி மேலே வந்து உடைந்துவிடும்; நன்றாகப் புளித்தும் உயரம் ஏறாது. முகர்ந்து பார்த்தால் புளித்தது தெரியும். நடுவர் இதைக் கேட்க வாய்ப்பு உண்டு.

கண்காட்சிக்கு மாவைத் தூக்கிப் போக வேண்டாம், படங்களும் அட்டவணையும் போதும். ஒரு தேக்கரண்டி உப்பு விழுந்த மூன்று டம்ளர் மாவு இட்லிக்கு ஆகாது என்பதை மட்டும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.