சொற்களுக்கும் ஒரு நிலப்படம்

நிலப்படத்தில் பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே பங்சார் உள்ளது. கிள்ளான் மேற்கே தொலைவில் இருக்கிறது. சொற்களையும் இவ்வாறே எண்களால் இடங்குறிக்கலாம். 'இட்டிலி', 'தோசை' இரண்டும் ஒரே வகைச் சொற்களோடு சேர்ந்து வருவதால் அருகருகே அமையும். 2013இல் கூகிள் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையில் ஒரு சொல்லுக்கு நூற்றுக்கணக்கான எண்கள் உண்டு. நாம் இரண்டே எண்களைக் கொண்டு கணக்கிடுவோம்.

'ஆண்' (1,2), 'பெண்' (1,3), 'அரசன்' (6,2), 'அரசி' (7,4) எனக் கொள்வோம். 'அரசன்' என்பதிலிருந்து 'ஆண்' என்பதைக் கழித்து, 'பெண்' என்பதைக் கூட்டினால் (6,3) வரும். அதற்கு மிக அருகில் இருப்பது 'அரசி' தானா? இல்லை, 'அரசன்' 1 அலகுத் தொலைவிலும், 'அரசி' ஏறத்தாழ 1.4 அலகுத் தொலைவிலும் உள்ளன. ஆகவே வினாவில் வந்த மூன்று சொற்களையும் விலக்கிவிட்டே விடை தேடுகின்றனர். அப்போதுதான் 'அரசி' கிடைக்கிறது. இக்கணக்கை வியக்குமுன் அந்த விலக்கையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.