ஐந்து முனைகளும் ஒரு வட்டமும்

கணினியில் நட்சத்திரம் வரைய ஒரு வட்டத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஐந்து முனைகளும் அந்த வட்டத்தின் மேல் சம இடைவெளியில் அமைய வேண்டும். 360 டிகிரியை ஐந்தால் வகுத்தால் 72. அதுதான் அடுத்தடுத்த முனைகளுக்கு நடுவே உள்ள கோணம்.

200 அலகு அகலமும் உயரமும் கொண்ட எஸ்விஜி படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வட்டத்தின் மையம் (100, 100), ஆரம் 80. ஒரு முனையின் கோணத்துக்கு கோசைன் கண்டு, 80ஆல் பெருக்கி, 100ஐக் கூட்டினால் இடமிருந்து அதன் தூரம் கிடைக்கும். கோசைனுக்குப் பதில் சைனை வைத்து அதையே செய்தால் மேலிருந்து உள்ள தூரம் வந்துவிடும்.

எந்தக் கோணத்தில் தொடங்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பூஜ்யம் டிகிரி என்பது வட்டத்தின் வலது ஓரம். அங்கே தொடங்கினால் நட்சத்திரம் சாய்ந்து கிடக்கும். சரி, உச்சிக்கு 90 டிகிரி என்று பள்ளிக் கணக்கை நம்பிப் போட்டால் தலைகீழாக நிற்கும். பள்ளியில் y மேல்நோக்கி வளரும்; திரையில் கீழ்நோக்கி வளர்கிறது. ஆகவே உச்சி முனைக்கு -90 டிகிரி. அதிலிருந்து 72 கூட்டிக்கொண்டே போனால் வலஞ்சுழியாக முனைகள் வரும்: (100, 20), (176.1, 75.3), (147, 164.7), (53, 164.7), (23.9, 75.3).

இவற்றை வரிசையாக இணைத்தால் ஐங்கோணம். ஒன்றைத் தாண்டி ஒன்றை இணைத்தால் நட்சத்திரம். புள்ளிகள் அதே ஐந்துதான், வரிசை மட்டுமே வேறு:

```
<polygon points="100,20 147,164.7 23.9,75.3
  176.1,75.3 53,164.7" fill="red"/>
```

இது முழுக்க நிறம் நிரம்பிய நட்சத்திரமாகத் தெரியும். `fill-rule="evenodd"` என்று சேர்த்தால் நடுவிலுள்ள சிறிய ஐங்கோணம் மட்டும் வெறுமையாகிவிடும்.

கணக்கை ஜாவாஸ்கிரிப்டிடம் விடுவதானால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். `Math.cos` டிகிரியை அறியாது, ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். டிகிரியை அப்படியே கொடுத்தாலும் முனைகள் வட்டத்தை விட்டு விலகாது. அதனாலேயே தவறு சட்டென்று பிடிபடாது. ஆனால் மூன்று முனைகள் ஒரு பக்கமும் இரண்டு எதிர்ப்பக்கமுமாகக் கொத்தாகச் சேர்ந்திருக்கும். அப்படிக் கண்டால் கோணத்தை `Math.PI/180`ஆல் பெருக்குங்கள்.

ஆறு முனைக்கு இந்தத் தாண்டல் உதவாது. ஒன்றைத் தாண்டி ஒன்றாகப் போனால் மூன்றே கோடுகளில் தொடங்கிய இடத்துக்கே வந்து, வெறும் முக்கோணம்தான் மிஞ்சும். ஆறுக்கும் இரண்டுக்கும் பொது வகுத்தி இருப்பதே காரணம். எனவே ஆறு முனை நட்சத்திரத்தை இரண்டு தனித்தனி முக்கோணங்களாகத்தான் எழுத வேண்டும். ஏழு முனையில் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே இரண்டிரண்டாக நகர்ந்தால் பருத்த நட்சத்திரமும், மும்மூன்றாக நகர்ந்தால் கூரிய நட்சத்திரமும் கிடைக்கும்.