நான்கு இலக்கங்கள், எரிவது ஒன்று

கடையில் சிவப்பு எண்கள் காட்டும் எலெக்ட்ரானிக் தராசு இருந்தால், பகல் வெளிச்சத்தில் அதைச் செல்போனில் படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு எல்லா எண்களும் தெளிவாகத் தெரியும். படத்திலோ பல தராசுகளில் ஒன்றிரண்டு இலக்கங்கள்தான் பளிச்சென்று விழுந்திருக்கும். மற்றவை மங்கியிருக்கும், அல்லது அங்கே இருட்டுதான் இருக்கும். தராசிலும் பழுதில்லை, போனிலும் பழுதில்லை. அந்த எண்கள் எப்போதுமே ஒன்றாகச் சேர்ந்து எரிவதில்லை. ஒரு நேரத்தில் ஓர் இலக்கம் மட்டும் எரிந்து அணைகிறது, உடனே அடுத்தது எரிகிறது. இந்த ஓட்டம் கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் நடக்கிறது. கேமரா ஷட்டர் சில மில்லிசெகண்ட் மட்டும் திறந்து மூடுவதால் அதைப் பிடித்துவிடுகிறது.

இப்படிச் செய்யக் காரணம் சிக்கனம். ஏழு கோடுகளும் ஒரு புள்ளியும் சேர்ந்தால்தான் ஓர் இலக்கம். ஒவ்வொன்றும் தனி எல்இடி. நான்கு இலக்கங்களையும் தனித்தனியாக இயக்க வேண்டுமானால் 32 கம்பிகள் வேண்டும். மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ போர்டில் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் மொத்தமே 20 கால்கள்தான். அதனால் டிஸ்ப்ளே செய்பவர்கள் நான்கு இலக்கங்களின் மேல்கோடுகளையும் உள்ளேயே ஒரே கம்பியில் இணைத்துவிடுகிறார்கள். மற்ற கோடுகளுக்கும் அப்படியே. கோடுகளுக்கு எட்டுக் கம்பி, எந்த இலக்கம் எரிய வேண்டும் என்று சொல்ல நான்கு கம்பி, ஆக மொத்தம் 12. கடையில் வாங்கும் நான்கு இலக்க டிஸ்ப்ளேயைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் 12 கால்கள்தான் இருக்கும்.

கோட்டுக் கம்பிகள் பொதுவாகிவிட்டதால், ஒரே சமயத்தில் இரண்டு இலக்கங்களில் வெவ்வேறு எண் காட்ட வழியில்லை. முறை வைத்துத்தான் காட்ட வேண்டும். இதற்குத்தான் மல்டிபிளெக்ஸிங் என்று பெயர். ஒவ்வோர் இலக்கத்துக்கும் நொடிக்கு ஐம்பது, அறுபது முறை வாய்ப்பு வந்தால் பெரும்பாலானவர்களுக்கு அது நிலையாக எரிவதுபோலத் தெரியும். ஆனால் அது ஓரக்கணக்கு. ஓரக்கண்ணால் பார்க்கும்போதும் பார்வை சட்டென்று நகரும்போதும் துடிப்பு தெரிந்துவிடும். அனுபவமுள்ளவர்கள் நூறுக்குக் கீழே போவதில்லை.

வேகத்தைவிடச் சிக்கலானது ஒழுங்கு. ஒவ்வோர் இலக்கமும் சரியாகச் சம நேரம் எரிய வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

டிஎஸ்18பி20 சென்சாரை வைத்து ஒரு வெப்பமானி செய்வதாக வைத்துக்கொள்வோம். முதல் முயற்சியில் எல்லோரும் எழுதுவது ஒரே மாதிரிதான்: முதல் இலக்கத்தை எரிய வைத்து `delay(5)`, பிறகு இரண்டாவதை எரிய வைத்து `delay(5)`, இப்படியே நான்கும். ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட், நொடிக்கு 50 சுற்று. டிஸ்ப்ளேயை மட்டும் சோதித்தால் பரவாயில்லை என்றே தோன்றும். சென்சாரைச் சேர்த்ததும் கதை மாறும். அந்தச் சென்சார் தன் முழு நுணுக்கத்தில் வெப்பநிலையை அளந்து முடிக்க 750 மில்லிசெகண்ட் வரை எடுத்துக்கொள்ளும். வழக்கமான லைப்ரரி அதுவரை ப்ரோகிராமை அங்கேயே நிறுத்திவைக்கும். அந்த முக்கால் நொடியும் கடைசியாக எரிந்த இலக்கம் மட்டும் பளீரென்று நிற்கும், மற்ற மூன்றும் அணைந்துவிடும். பிறகு எல்லாம் வரும், மறுபடி போகும்.

`delay` நேரத்தைக் குறைத்துப் பார்ப்பதில் பயனில்லை. டிஸ்ப்ளேயைக் கவனிக்கும் வேலை, வேறு எது நடந்தாலும் தன் நேரத்துக்கு நடந்தாக வேண்டும். அதை மெயின் லூப்பில் வைத்தால் மற்ற வேலைகளின் தயவில்தான் அது ஓடும்.

ஊனோ போர்டில் உள்ள ஏடிமெகா328பி சிப்புக்குள் மூன்று டைமர்கள் இருக்கின்றன. ப்ரோகிராம் என்ன செய்துகொண்டிருந்தாலும் இவை பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும். குறித்த எண்ணை எட்டியதும் டைமர் ஓர் இன்டரப்ட் கொடுக்கும். பள்ளியில் பாடம் எந்த வரியில் இருந்தாலும் பியூன் மணி அடிப்பதுபோல. உடனே சிப் கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு, அந்த இன்டரப்டுக்கென்று எழுதிய சின்ன ஃபங்ஷனை முடித்துவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்பும். சென்சாருக்காகக் காத்திருக்கும் வேளையிலும் இது நடக்கும்.

முதல் டைமரை `millis()` கணக்குக்காக ஆர்டுயினோவே எடுத்துக்கொண்டிருக்கிறது. அதில் கைவைக்காமல் டைமர் 2-ஐ எடுப்பது வசதி, ஆனால் `tone()` ஃபங்ஷனும் இதே டைமரைக் கேட்கும் என்பதால் பஸ்ஸர் ஒலிக்க வேறு வழி பார்க்க வேண்டும். சிப்பின் கடிகாரம் நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பு. அதை 64-ஆல் வகுத்தால் டைமர் ஓர் எண் ஏற 4 மைக்ரோசெகண்ட் ஆகும். 250 எண்ணினால் சரியாக ஒரு மில்லிசெகண்ட். எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் ரெஜிஸ்டரில் 249 என்று எழுத வேண்டும்.

```
DDRD = 0xFF;
DDRC |= 0x0F;
TCCR2A = (1 << WGM21);
TCCR2B = (1 << CS22);
OCR2A = 249;
TIMSK2 = (1 << OCIE2A);
```

மில்லிசெகண்டுக்கு ஓர் இலக்கம், நான்கு மில்லிசெகண்டுக்கு ஒரு சுற்று. அதாவது ஒவ்வோர் இலக்கமும் நொடிக்கு 250 முறை எரிகிறது. கண் துடிப்பைக் காணும் எல்லையைவிட இது வெகுவாக மேலே. இன்டரப்ட் ஃபங்ஷனோ நான்கைந்து வரிதான்:

```
volatile uint8_t seg[4];

ISR(TIMER2_COMPA_vect) {
  static uint8_t d = 0;
  PORTC &= ~0x0F;
  PORTD = seg[d];
  PORTC |= (1 << d);
  d = (d + 1) & 3;
}
```

கோடுகள் எட்டும் `PORTD`-இல், இலக்கங்களைத் தேர்ந்தெடுக்கும் கால்கள் `PORTC`-இல். `seg` என்ற பட்டியலில் இருப்பது எண் அல்ல, எந்தெந்தக் கோடு எரிய வேண்டும் என்ற வடிவம். 3 காட்ட `0x4F`, 8 காட்ட `0x7F`. எண்ணை வடிவமாக மாற்றும் வேலையை மெயின் லூப் சாவகாசமாகச் செய்து வைத்துவிடும். இன்டரப்ட் அதை எடுத்துக் காலில் வைப்பதோடு சரி. சில மைக்ரோசெகண்டில் முடிந்துவிடும், சிப்பின் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூடப் போகாது.

வடிவமாகவே வைத்திருப்பதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. இது எட்டு பிட் சிப். பதினாறு பிட் எண் ஒன்றை அது இரண்டு தவணையாகத்தான் எழுதும். 255 என்பது 256 ஆக மாறும்போது, ஒரு தவணை முடிந்து மறு தவணைக்கு முன் இன்டரப்ட் வந்து அந்த எண்ணை எடுத்தால் 511 என்றோ 0 என்றோ கிடைக்கும். என்றைக்கோ ஒருநாள் திரையில் சம்பந்தமில்லாத எண் மின்னி மறையும். காரணம் தேடி அலைய வேண்டியதுதான். ஒரு பைட் வடிவங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஃபங்ஷனில் வரிகளின் வரிசைக்கும் காரணம் இருக்கிறது. முதலில் எல்லா இலக்கங்களையும் அணைக்கிறோம், பிறகு கோடுகளை மாற்றுகிறோம், அதன் பிறகே அடுத்த இலக்கம். அணைக்காமல் கோடுகளை மாற்றினால், அடுத்த இலக்கத்தின் எண் ஒரு நொடிப்பொழுது முந்தைய இலக்கத்தில் விழும். 18 காட்டும்போது 1-இன் பின்னால் மங்கலாக ஓர் 8 தெரியும். வரிசை சரியாக இருந்தும் இருட்டறையில் லேசாகச் சுவடு தெரிந்தால் குற்றம் டிரான்சிஸ்டர் மேல். முழுமையாகத் திறந்த டிரான்சிஸ்டர் மூட ஒரு மைக்ரோசெகண்ட் அளவுக்குத் தாமதிக்கும். அணைத்ததும் கோடுகளைப் பூஜ்யமாக்கி, இரண்டு மூன்று மைக்ரோசெகண்ட் இடைவெளி விட்டால் சுவடு போய்விடும்.

டிரான்சிஸ்டர் எதற்கு? ஒரு கோட்டுக்கு 330 ஓம் ரெசிஸ்டர் போட்டால், 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொண்டது போக, ஏறக்குறைய எட்டரை மில்லி ஆம்பியர் ஓடும். எட்டுக் கோடும் எரிந்தால் அத்தனையும் சேர்ந்து அந்த இலக்கத்தின் பொதுக் கம்பி வழியாக வெளியேற வேண்டும், சுமார் 68 மில்லி ஆம்பியர். சிப்பின் ஒரு கால் தாங்கும் உச்சவரம்பே 40. ஆகவே இலக்கத்துக்கு ஒரு பிசி547 வைக்கிறார்கள். அது 100 வரை தாங்கும். நான்கு ரெசிஸ்டரை மிச்சம் பிடிக்கலாம் என்று கோடுகளில் போடாமல் பொதுக் கம்பியில் போடுபவர்களும் உண்டு. அங்கே இரண்டு கோடு எரியும் 1 கண்ணைக் கூசும், ஏழு கோடு எரியும் 8 சோர்ந்து கிடக்கும்.

இன்டரப்ட் போட்ட பிறகும் டிஸ்ப்ளே சிமிட்டினால் வேறு யாரோ இன்டரப்டை நிறுத்திவைக்கிறார்கள் என்று பொருள். டிஎஸ்18பி20 லைப்ரரி ஒரு பிட் படிக்கும்போது நிறுத்தும் நேரம் மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அது கண்ணில் படாது. டிஎச்டி11 போன்ற ஈரப்பத சென்சார்களின் லைப்ரரிகள் சில, 40 பிட்டையும் படித்து முடிக்கும்வரை, ஏறக்குறைய 4 மில்லிசெகண்ட், இன்டரப்டை மூடிவைக்கும். அதற்குள் டைமர் நான்கு முறை கூப்பிட்டாலும் சிப் ஒன்றைத்தான் நினைவில் வைத்திருக்கும். சென்சாரைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் இலக்கம் பளிச்சிட்டு அடங்கினால் இதுதான் காரணம். லைப்ரரியை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இந்த முறைக்கு வெளிச்சம்தான் விலை. நான்கில் ஒரு பங்கு நேரமே எரிவதால், எட்டரை மில்லி ஆம்பியரின் சராசரி இரண்டு சொச்சம்தான். இலக்கங்கள் எட்டானால் அதிலும் பாதி. ஈடுகட்ட ரெசிஸ்டரைக் குறைத்துக் கரண்டைக் கூட்டலாம். அப்படிக் கூட்டியிருக்கும்போது ப்ரோகிராம் எங்காவது சிக்கி இன்டரப்ட் நின்றுபோனால், ஒரே இலக்கம் முழுக் கரண்டில் எரிந்துகொண்டே இருந்து கருகும். சோதனை முடியும்வரை ரெசிஸ்டரைக் குறைக்காமல் இருப்பது நல்லது.

எட்டு இலக்கம் வேண்டும், வேறு வேலைகளும் நிறைய என்றால், இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும் மேக்ஸ்7219 சிப்பை வாங்கிப் போடுவதே புத்திசாலித்தனம். மூன்று கம்பியில் எண்களைக் கொடுத்தால் போதும். நான்கு இலக்கத்துக்கு ஒரு டைமரும் நான்கு டிரான்சிஸ்டரும் தாராளம்.