திரைப்பிடிப்புகளை ஒழுங்குபடுத்துதல்

தஞ்சோங் மாலிமில் உள்ள ஓர் அலுவலகத்தில், ஒரு பெண்ணுக்குச் சக ஊழியர் புலனத்தில் ஆபாசச் செய்திகளை அனுப்பி வருகிறார் எனக் கொள்வோம். “இனி இப்படி அனுப்பாதீர்கள்” என்று அவர் எழுதிய பின்னரும் செய்திகள் நிற்கவில்லை. அவரது கைப்பேசியில் 20 திரைப்பிடிப்புகள் உள்ளன. அவற்றை அப்படியே கொடுத்தால், எது முதலில் வந்தது என்பது விசாரிப்பவருக்கு விளங்காது.

செய்தி வந்த அன்றே எடுத்த படத்தில் ‘இன்று’ என்றுதான் இருக்கும், தேதி இராது. எனவே, அப்படத்தை வைத்துக்கொண்டு, ஒரு வாரத்திற்குப் பின் அதே பகுதியை மீண்டும் படமெடுக்க வேண்டும். அப்போது தேதி தெரியும். அனுப்பியவரின் எண் காணப்படும் பக்கத்தையும் எடுப்பது அவசியம். ஏனெனில், கைப்பேசியில் எந்தப் பெயரிலும் ஓர் எண்ணைச் சேமிக்கலாம்.

பின்னர், படங்களை நாள் வரிசையில் எண்ணிட்டு, நாள், நேரம், செய்தி, பதில், பட எண் ஆகியவற்றை அட்டவணையில் எழுத வேண்டும். மறுப்புத் தெரிவித்த வரியே அதில் முக்கியமானது. அதற்குப் பின்னும் அனுப்பியவர், ‘அவருக்குப் பிடிக்காதது எனக்குத் தெரியாது’ என்று கூற இயலாது. தம் பதில்களை வெட்டி நீக்கினால் ஐயம் எழும். மூலச் செய்திகளையும் அழிக்கக் கூடாது.

புகாரைக் கொடுக்கும்போது, நகலில் பெற்றவரின் கையொப்பத்தையும் தேதியையும் வாங்க வேண்டும். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, பாலியல் தொல்லை குறித்த புகாரை விசாரிக்க மறுக்கும் முதலாளி, அது கிடைத்த 30 நாள்களுக்குள் காரணத்தை எழுத்து வழி தெரிவிக்க வேண்டும். அந்த நாள்களை எண்ணத் தொடங்க இத்தேதியே உதவும்.