ஊர் மாறினால் வருமான வரிக் கோப்பும் மாற வேண்டும்

உத்தியோகத்தின் பொருட்டோ வியாபாரத்தின் பொருட்டோ தமிழகத்தை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறும் நம்மவர், வங்கிக் கணக்கையும் எரிவாயு இணைப்பையும் பிள்ளைகளின் பள்ளியையும் மாற்றிக்கொள்வதில் கருத்தாயிருக்கின்றனர். ஆனால் அவர்களுடைய வருமான வரிக் கோப்பு பல ஆண்டுகள் பழைய ஊரிலேயே தங்கிவிடுகிறது. அது அங்கே இருப்பதை அவர்கள் உணர்வதுமில்லை. ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் வரிக் கணக்கை இந்தியா முழுமைக்கும் பெங்களூரிலுள்ள மத்திய நிலையம் பரிசீலிக்கிறது. ஆகையால், எல்லாம் ஒழுங்காக நடக்கும் வரையில், நம் கோப்புக்கு உரிய அதிகாரி யார் என்ற கேள்வியே எழுவதில்லை.

சிக்கல் நேரும்போதுதான் அக்கேள்வி எழுகிறது. மதுரையில் வேலை பார்த்துப் பின்னர் புனேயில் குடியேறிய ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். சில ஆண்டுகளுக்கு முந்திய வரிப்பாக்கி ஒன்று அவர் பெயரில் பதிவாகியிருக்கிறது. அதை அவர் முன்பே செலுத்தியிருந்தும் கணக்கில் அது ஏறவில்லை. இவ்வாண்டு அவருக்கு வரவேண்டிய தொகையை அந்தப் பாக்கிக்கு ஈடுசெய்யப் போவதாக அறிவிப்பு வருகிறது. இத்தகைய பழைய பாக்கியைத் திருத்தும் பொறுப்பு பெரும்பாலும் கோப்புக்கு உரிய மதிப்பீட்டு அதிகாரியிடமே இருக்கிறது. அந்த அதிகாரியோ மதுரையில் இருக்கிறார். முகமறியா மதிப்பீட்டு முறை வந்த பின்பும், பாக்கி வசூலும் இத்தகைய திருத்தங்களும் உரிய அதிகாரியை விட்டு நீங்கவில்லை. புனேயிலுள்ள அலுவலகத்தில் அவர் எத்தனை முறை ஏறி இறங்கினாலும், 'உங்கள் கோப்பு இங்கே இல்லை' என்ற பதிலே கிடைக்கும்.

இங்குப் பலர் கொள்ளும் ஒரு தவறான எண்ணத்தை முதலில் நீக்கிவிடுவோம். விலாசத்தை மாற்றுவது வேறு; கோப்பை மாற்றுவது வேறு. நிரந்தரக் கணக்கு எண்ணின் பதிவில் புதிய விலாசத்தை ஏற்றிவிட்டால் கோப்பு தானாகவே புதிய ஊருக்குப் போய்விடும் என்று நம்பி இருக்கலாகாது. ஆயினும் விலாச மாற்றத்தையே முதலில் செய்ய வேண்டும். புதிய ஊரில் வசிப்பதற்கு அதுவே அடிப்படைச் சான்று. ஊர் மாறினாலும் எண் மாறுவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க. புதிய ஊருக்கென்று இரண்டாவது எண் ஒன்றைப் பெறுவது குற்றம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் அதற்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.

அடுத்து, கோப்பு இப்போது எவரிடம் இருக்கிறது என்று அறிய வேண்டும். வருமான வரித்துறையின் இணையதளத்தில் Know Your AO என்ற பகுதி உண்டு. அதில் நம் எண்ணையும் கைப்பேசி எண்ணையும் இட்டால், உரிய அதிகாரியின் வார்டு அல்லது சரகம், அவருடைய குறியீடு, அலுவலக விவரம் ஆகியன தெரியவரும். அவற்றை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். புதிய அதிகாரி யார் என்பது வசிக்கும் பகுதியை மட்டும் பொறுத்ததன்று. வருமானத்தின் தன்மையையும் அளவையும் பொறுத்தது. எனவே புதிய ஊரின் வருமான வரி அலுவலகத்திலுள்ள சேவை மையத்தில் பின்கோடு எண்ணைச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நலம்.

இனி விண்ணப்பக் கடிதத்துக்கு வருவோம். அதனை எவருக்கு எழுதுவது? புதிய ஊரின் அதிகாரிக்கு என்று பலர் கருதுகின்றனர். கோப்பை வைத்திருப்பவரே அதைக் கொடுக்க முடியும். ஆதலால் கடிதம் பழைய ஊரின் அதிகாரிக்குச் செல்ல வேண்டும்; அதன் நகல் புதிய ஊரின் அதிகாரிக்குப் போக வேண்டும். நம் உதாரணத்தில் மதுரையும் புனேயும் வெவ்வேறு முதன்மை ஆணையர்களுக்கு உட்பட்டவை. இவ்வாறிருக்கும்போது இருவரும் இசைந்தால், கோப்பை அனுப்பும் பக்கத்து ஆணையரே மாற்ற உத்தரவைப் பிறப்பிப்பார் என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு வகுத்தது. கீழதிகாரி தாமாகவே முடிவு செய்ய இயலாது. தாமதத்துக்கு இதுவே முக்கியக் காரணம்.

கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படும். அதன் கருத்தைத் தமிழில் தருகிறோம்:

"ஐயா, பொருள்: நிரந்தரக் கணக்கு எண் ——-க்கு உரிய கோப்பைப் புனேக்கு மாற்றக் கோருதல். நான் இதுவரை மதுரையில் —— விலாசத்தில் வசித்து, தங்கள் வார்டில் மதிப்பீடு பெற்று வந்தேன். —— தேதி முதல் பணி மாற்றத்தின் காரணமாகப் புனேயில் —— விலாசத்தில் நிலையாக வசித்து வருகிறேன். கணக்கு எண்ணின் பதிவிலும் விலாசத்தை மாற்றியுள்ளேன். என் இருப்பிடம் இப்போது புனேயின் —— வார்டுக்கு உட்பட்டது. தங்களிடம் நிலுவையிலுள்ள விவகாரம்: —— ஆண்டின் வரிப்பாக்கி பற்றிய திருத்த மனு. கோப்பு மாற்றத்தில் எனக்கு ஆட்சேபமில்லை. அன்புகூர்ந்து உரிய உத்தரவு பெற்று மாற்றித்தர வேண்டுகிறேன்."

இதில் இரண்டு வாக்கியங்கள் கவனத்துக்கு உரியவை. ஊர் விட்டு ஊர் கோப்பை மாற்றும் முன், வரி செலுத்துவோரின் கருத்தை இயன்றவரை கேட்க வேண்டும் என்று சட்டம் கருதியது. 'ஆட்சேபமில்லை' என்று நாமே எழுதிவிட்டால் அதற்கென ஒரு கடிதப் போக்குவரத்து மிச்சமாகும். மற்றொன்று நிலுவை விவகாரத்தைச் சொல்வது. அதை மறைப்பதால் பயனில்லை. விவகாரம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் கோப்பை மாற்றலாம். முன்பே அனுப்பிய நோட்டீசுகளை மீண்டும் அனுப்ப வேண்டியதுமில்லை. எனவே கோப்பு மாறினால் பழைய பாக்கி அழிந்துவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம்; அதுவும் கூடவே வரும்.

கடிதத்துடன் கணக்கு எண் அட்டை, புதிய விலாசம் உள்ள ஆதார், வாடகை ஒப்பந்தம் அல்லது மின்கட்டண ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். நேரில் கொடுத்தால் முத்திரையிட்ட ஒப்புகை பெறுவதும், தபாலில் அனுப்பினால் பதிவுச் சீட்டைக் காப்பதும் இன்றியமையாதவை. பின்னர் முறையீடு செய்ய நேர்ந்தால், எந்தத் தேதியில் கேட்டோம் என்பதற்கு அவையே சான்று. பதில் வராவிடில், அதே இணையதளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில் அந்தத் தேதியைக் குறித்து முறையிடலாம். வேலை முடிந்ததா என்று அறிய, முன்பு பார்த்த அதே பகுதியை மீண்டும் பார்த்தால் போதும். புனேயின் வார்டு அதில் தோன்றினால் கோப்பு வந்துவிட்டது என்று பொருள். கடிதம் அனுப்பியதாலேயே மாறிவிட்டதாகக் கொள்ளலாகாது.

இடைக்காலத்தில் பழைய அதிகாரியிடமிருந்து நோட்டீசு வந்தால் என்ன செய்வது? 'அவருக்கு இப்போது அதிகாரமில்லை' என்று ஒதுக்கிவிடுவது ஆபத்து. உத்தரவு பிறக்கும் வரை கோப்பு அவருடையதே. அதிகார வரம்பைப் பற்றி ஆட்சேபிப்பதற்கும் கெடு உண்டு. வரிக் கணக்குத் தாக்கல் செய்தவர், நோட்டீசு கிடைத்த ஒரு மாதத்துக்குள், அல்லது மதிப்பீடு அதற்கு முன்பே முடிந்துவிட்டால் அதற்குள், ஆட்சேபிக்க வேண்டும் என்று 124-ஆம் பிரிவு விதித்தது. ஆகவே மாற்ற விண்ணப்பத்தின் நகலை இணைத்து, கேட்ட விவரங்களுக்கும் பதில் அளித்துவிட வேண்டும்.

2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ஆம் தேதியை நடைமுறைத் தொடக்கமாகக் கொண்டது. அதில் பிரிவுகளின் எண்கள் வேறு. ஆகையால் கடிதத்தில் பிரிவு எண்ணைக் குறிப்பிட விரும்புவோர் சரிபார்த்து எழுதுக. எண்ணைக் குறிப்பிடாமல் விட்டாலும் குறையில்லை. பழைய விலாசம், புதிய விலாசம், குடிமாறிய தேதி, இரு அதிகாரிகளின் வார்டு ஆகிய நான்கும் பிழையின்றி இருக்க வேண்டும்.