எக்கோ படத்தில் இதய உறை நீர்த்தேக்கம்: நீர் வளையமும் அறைகளின் மீதான அழுத்தமும்

ஆய்வுச் சுருக்கம்

இதயத்தைச் சூழ்ந்த உறைக்குள் நீர் சேரும்போது, எக்கோ படத்தில் அது இதயத்தைச் சுற்றிய கரிய வளையமாகத் தோன்றுகின்றது. வளையத்தின் தடிமனை அளப்பது எளிது. அந்நீர் இதய அறைகளை அழுத்துகின்றதா என்று அறிவது அத்தனை எளிதன்று. தடிமனும் அழுத்தமும் நேர்விகிதத்தில் இணைந்தவை அல்ல என்பதையும், அழுத்தத்தை அறிய அறைச்சுவர் உள்வாங்கும் நேரத்தை இதயச் சுழற்சியோடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதையும் ஓர் எடுத்துக்காட்டின் அளவீடுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: இதய உறை, நீர்த்தேக்கம், எக்கோ, இதய அமுக்கம், வலது கீழறை, காசநோய்.

முன்னுரை

அமெரிக்காவின் இந்தியானாவில் பணியாற்றிய ஹார்வி ஃபைகன்பாம், இதய உறையில் சேர்ந்த நீரை மீயொலியால் கண்டறியலாம் என்பதை 1965ஆம் ஆண்டில் வெளியிட்டார். அன்றைய கருவி ஒற்றைக் கற்றையை மட்டுமே செலுத்தியது; இதயத்தின் பின்சுவருக்கும் உறைக்கும் இடையே எதிரொலி எழாத ஓர் இடைவெளி இருப்பதைக் கொண்டே நீர் உண்டென முடிவு செய்யப்பட்டது. இன்று இதயம் முழுவதும் அசையும் படமாகத் தெரிகின்றது. எனவே நீர் உண்டா என்னும் வினாவுக்கு விடை பெறச் சில நொடிகள் போதும். அந்நீரை உடனே வெளியேற்ற வேண்டுமா, காத்திருக்கலாமா என்பதே மருத்துவர் முன் நிற்கும் உண்மையான வினா. அதற்கு வளையத்தின் தடிமன் மட்டும் விடை தருவதில்லை.

உறையின் இயல்பு

இதய உறையின் இரு படலங்களுக்கு இடையே இயல்பிலேயே ஏறத்தாழ 15 முதல் 50 மி.லி. வரை நீர் இருக்கும். வெளிப்படலம் நாரால் ஆனது. எளிதில் விரிந்து கொடுக்காது. நீர் விரைந்து சேர்ந்தால், உறையில் உள்ள சிறிதளவு தளர்ச்சி தீரும்வரை அழுத்தம் பெரிதும் உயர்வதில்லை. அது தீர்ந்தபின் ஒவ்வொரு சில மில்லிலிட்டருக்கும் அழுத்தம் செங்குத்தாக ஏறுகின்றது. இதய மின்பாதையைச் சீர்செய்யும் சிகிச்சையின்போது கம்பி சுவரைத் துளைத்துவிட்டால், 200 மி.லி.க்கும் குறைவான குருதியே உயிருக்கு இடர் விளைவிக்கலாம். அப்போது எக்கோவில் வளையம் 8 மி.மீ. அளவிலேயே இருக்கக்கூடும்.

நீர் வாரக்கணக்கில் மெல்லச் சேர்ந்தால் உறையும் மெல்ல நீட்சி அடைகின்றது. தைராய்டு சுரப்புக் குறைவில் ஒரு லிட்டருக்கு மேல் நீர் தேங்கியும் நோயாளி நடமாடிக்கொண்டிருப்பதைக் காணலாம். ஆகவே 'சிறிய அளவு' என்று அறிக்கையில் எழுதப்படும் சொல்லை 'இடரற்றது' என்று படித்தல் கூடாது. என் கருத்தில், இத்துறையில் நேரும் பிழைகளுள் மிகுதியானவை இவ்விரு சொற்களின் மயக்கத்திலிருந்தே பிறக்கின்றன.

வளையத்தை அடையாளம் காணல்

இதயம் முழுமையாக விரிந்த நிலையின் இறுதியில் வளையத்தை அளக்க வேண்டும். 10 மி.மீ.க்குக் குறைவாயின் சிறியது, 10 முதல் 20 வரை நடுத்தரம், 20க்கு மேல் பெரியது என்பது வழக்கிலுள்ள பகுப்பு. ஆனால் கரிய இடைவெளி யாவும் இதய உறை நீர் அல்ல. மார்பெலும்பின் இடப்பக்கத்திலிருந்து எடுக்கும் நெடுவெட்டுப் படத்தில், இதயத்தின் பின்னால் இறங்கு பெருந்தமனி வட்டமாகத் தெரியும். இதய உறை நீர் அத்தமனிக்கும் இதயத்திற்கும் இடையே, அதாவது தமனிக்கு முன்புறமாக நுழைந்து முடியும். நுரையீரல் உறையில் தேங்கிய நீர் தமனிக்குப் பின்புறமாகப் பரவும். இவ்வொரு குறியைத் தேடாமையால், நுரையீரல் உறை நீரை இதய உறை நீர் என்று எழுதிவிடுவதுண்டு. முன்புறத்தில் மட்டும் காணும் இடைவெளி பெரும்பாலும் கொழுப்பு. அது முழுக் கருமையாக இராமல் சற்று மணல்போன்ற சாயலுடன் இதயத்தோடு சேர்ந்து அசையும்.

அறைகள் உள்வாங்குதல்

உறையின் அழுத்தம் உயரும்போது முதலில் பாதிக்கப்படுவன மெல்லிய சுவரும் குறைந்த உள்ளழுத்தமும் உடைய வலப்பக்க அறைகளே. ஓர் அறையின் உள்ளழுத்தம் மிகத் தாழும் கணத்தில் வெளியழுத்தம் அதனை மிஞ்சினால், சுவர் உட்புறமாகக் குழிகின்றது. வலது மேலறை தான் சுருங்கி முடித்துத் தளரும்போது அதன் அழுத்தம் தாழ்கின்றது. எனவே அதன் சுவர், கீழறை விரியும் கட்டத்தின் இறுதியில் குழியத் தொடங்கி, கீழறை சுருங்கும் கட்டத்திலும் தொடரும். வலது கீழறையோ சுருங்கி முடித்து விரியத் தொடங்கும் கணத்தில் தாழ்ந்த அழுத்தம் கொள்கின்றது. எனவே அதன் சுவர் விரியும் கட்டத்தின் தொடக்கத்தில் குழிகின்றது.

நேரம் இங்கே உயிர்நாடியாகின்றது. வலது கீழறைச் சுவர் சுருங்கும் கட்டத்தில் உள்நோக்கி வருவது இயல்பு. இதயத் துடிப்பு மிகுந்திருக்கும்போது வெறுங்கண்ணால் அதனையும் நோயின் குழிவையும் பிரித்தறிதல் அரிது. எனவே ஒற்றைக் கற்றையின் அசைவை நேரக்கோட்டில் வரையும் எம் முறையில் கற்றையை வலது கீழறைச் சுவரின் வழியாகவும் மைட்ரல் வால்வின் வழியாகவும் செலுத்த வேண்டும். மைட்ரல் வால்வு திறந்திருக்கும் நேரத்தில் கீழறைச் சுவர் உட்குழிந்தால் அது அழுத்தத்தின் குறி. வால்வு மூடியிருக்கையில் உள்வந்தால் அது இயல்பான சுருக்கம். மேலறையின் குழிவு சிறுபொழுது தோன்றுவது அத்துணை உறுதியான சான்றன்று. இதயச் சுழற்சியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீடித்தால் மட்டுமே அதனை வலுவான சான்றாகக் கொள்வர்.

ஓர் எடுத்துக்காட்டு

இத்தகைய நோயாளிகளிடம் காணப்படும் அளவுகளைக் கொண்டு விளக்கத்தின் பொருட்டு அமைத்த எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். 42 வயது ஆடவர். ஆறு வாரங்களாக மாலைக் காய்ச்சல், எடை இழப்பு, ஒரு வாரமாக மூச்சுத்திணறல். நாடித்துடிப்பு 112. மேல் இரத்த அழுத்தம் மூச்சை வெளிவிடுகையில் 104, உள்ளிழுக்கையில் 86. வேறுபாடு 18, இது 10க்கு மேற்படின் முரண்நாடி எனப்படும். 1873இல் அடோல்ஃப் குஸ்மவுல் பெயரிட்ட குறி இது.

எக்கோவில் பின்புறம் 24 மி.மீ., முன்புறம் 15 மி.மீ. தடிமனில் நீர் வளையமும் அதனுள் நூலிழை போன்ற படிவுகளும் தெரிகின்றன. துடிப்பு 112 எனில் ஒரு சுழற்சி 0.54 நொடி. நொடிக்கு 50 படச்சட்டங்கள் பதிவாகும் கருவியில் அது 27 சட்டங்கள். வலது மேலறைச் சுவர் 11 சட்டங்களில் குழிந்திருந்தால் பங்கு 0.41, மூன்றில் ஒன்றைக் கடந்துவிட்டது. எம் முறையில், மைட்ரல் வால்வு திறந்தபின் வலது கீழறைச் சுவரும் உள்வாங்குகின்றது. கீழ்ப்பெருஞ்சிரையின் விட்டம் 24 மி.மீ.; மூச்சை உள்ளிழுத்தும் 21க்கு மேல் குறையவில்லை. இயல்பில் அது பாதிக்கு மேல் சுருங்கியிருக்க வேண்டும்.

டாப்ளரில் மைட்ரல் வால்வின் வழிப் பாயும் குருதியின் தொடக்க வேகம் மூச்சை வெளிவிடுகையில் நொடிக்கு 80 செ.மீ., உள்ளிழுக்கையில் 52. வேறுபாடாகிய 28ஐ 80ஆல் வகுத்தால் 35 விழுக்காடு. 30க்கு மேற்பட்டது அமுக்கத்தைச் சுட்டும். இம்மாறுதலின் காரணம் எளியது. உறைக்குள் மொத்த இடம் வரையறுக்கப்பட்டுவிட்டது. மூச்சை உள்ளிழுக்கையில் வலப்பக்கம் மிகுதியாக நிரம்பினால், இடைச்சுவர் இடப்புறம் தள்ளப்பட்டு இடது கீழறைக்கு இடம் குறைகின்றது. அது வெளித்தள்ளும் குருதியும் குறைகின்றது. நாடியில் விரல் உணரும் முரணும் திரையில் காணும் வேகக் குறைவும் ஒரே நிகழ்வின் இரு தோற்றங்களே.

இந்நோயாளியின் இரத்த அழுத்தம் இன்னும் வீழவில்லை. ஆயினும் துடிப்பின் விரைவைக் கொண்டே உடல் அதனைத் தாங்கி நிற்கின்றது. இந்நிலையில் சிறுநீர்ப்பெருக்கி கொடுப்பது தவறு. சிரைகளின் அழுத்தம் குறைந்து அறைகள் மேலும் குழியும். நீரை வெளியேற்றுவதே சிகிச்சை.

குறிகள் மறையும் சூழல்கள்

அமுக்கம் இருந்தும் அறை உள்வாங்காமல் இருப்பதுண்டு. நெடுநாள் நுரையீரல் தமனி அழுத்தத்தால் வலது கீழறை தடித்து உள்ளழுத்தம் மிகுந்திருந்தால், உறையின் அழுத்தம் அதனைக் குழிக்க இயலாது. இருதய அறுவைக்குப் பின் குருதி உறைந்து இடது மேலறையின் பின்னால் மட்டும் தங்கினால், வலப்பக்கம் முற்றிலும் இயல்பாகத் தோன்றும்; மார்பின் வழி எடுக்கும் படத்தில் கட்டியே தெரியாமற்போகலாம். அறுவைக்குப் பின் அழுத்தம் வீழும் நோயாளியிடம் உணவுக்குழாய் வழி எக்கோ தேவைப்படுவது இதனாலேயே. செயற்கைச் சுவாசக் கருவியில் உள்ளவரிடம் மூச்சைச் சார்ந்த வேக மாறுதல்களை மேற்கூறியவாறு கணக்கிடல் பொருந்தாது. கருவி காற்றை அழுத்திச் செலுத்துவதால் மாறுதலின் திசையே வேறுபடும்.

நீரை வெளியேற்றுகையில் எக்கோ

நீர் மிகுதியாகவும் மார்புச் சுவருக்கு அருகிலும் உள்ள இடத்தை எக்கோவால் தேர்ந்து, அவ்வழியே ஊசியைச் செலுத்துவர். நம் எடுத்துக்காட்டில் ஒரு சிக்கல் எழும். காசநோயால் தேங்கும் நீர் பெரும்பாலும் குருதி கலந்தே வரும். ஊசி உறையில் உள்ளதா, அறையைத் துளைத்துவிட்டதா என்பதை நிறம் சொல்லாது. அப்போது 5 மி.லி. உப்புநீரை இரு பீற்றுக்குழல்களுக்கு இடையே மாற்றி மாற்றித் தள்ளி நுண்குமிழிகள் உண்டாக்கி ஊசி வழியே செலுத்துவர். குமிழிகள் வளையத்துள் ஒளிர்ந்தால் ஊசி உரிய இடத்தில் உள்ளது. வலது கீழறையில் ஒளிர்ந்தால் ஊசி அறைக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள்.

அழுத்தக்கோடு செங்குத்தாக ஏறியதாயின் செங்குத்தாகவே இறங்கும். முதல் 50, 60 மி.லி. வெளிவந்தவுடனேயே கீழறைக் குழிவு மறைந்து நாடி வலுப்பெறுவதைத் திரையிலும் படுக்கையிலும் ஒருசேரக் காணலாம். எஞ்சியதை விரைந்து இழுக்காமல் குழாயை விட்டுவைத்து மெல்ல வடிப்பர். ஒரு நாளில் வடிவது 25 மி.லி.க்குக் கீழே வந்தபின் அதனை அகற்றுவர்.

அதன் பிறகும் கீழ்ப்பெருஞ்சிரையை ஒருமுறை அளக்க வேண்டும். வளையம் மறைந்தும் சிரை விரிந்தே நின்று, மூச்சுக்குச் சுருங்காமல், இடைச்சுவர் ஒவ்வொரு மூச்சிலும் இடவலமாகத் துள்ளினால், உறையின் உட்படலமே தடித்து இதயத்தை இறுக்கத் தொடங்கியுள்ளது என ஐயுற வேண்டும். காசநோயில் நீர்த்தேக்கமும் உறை இறுக்கமும் ஒருங்கே அமைவது அரிதன்று; முதலாவதை நீக்கிய பின்னரே இரண்டாவது கண்ணுக்குத் தெரிகின்றது.